சனிக்கிழமை தடுப்பூசி முகாம்: விடுபட்ட ஊசிகள் பற்றிப் பெற்றோர் கேட்டவை

உப்புவெளி பலநோக்கு மண்டபத்தில் நடக்கும் இலவச முகாம் பற்றித் திருகோணமலைப் பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கு, கிளினிக் வேலையில் நீண்ட அனுபவமுள்ள குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் பதில் சொல்கிறார்.

அலஸ்தோட்டத்திலிருந்து ஒரு அம்மா: மிஸ்ஸி, முகாம் எத்தனை மணிக்கு? ஆருக்கு ஊசி போடுவினம்? காசு கட்டவேணுமா?

வரும் சனிக்கிழமை காலை 8.30 முதல் பகல் 12 மணி வரை. காசு ஒரு சதமும் இல்லை. ஊசி போட்ட பிறகு பிள்ளை 20 நிமிடம் மண்டபத்திலேயே இருக்கவேண்டும் என்பதால் 11.30க்குப் பிறகு வராதீர்கள்.

இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளில், உரிய காலத்தில் ஊசி விடுபட்டவர்களுக்காகத்தான் இந்த முகாம். உங்கள் கிளினிக்கில் தவறாமல் போட்டு வருகிறீர்கள் என்றால் அங்கேயே தொடருங்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் கட்டாயம் கொண்டு வாருங்கள், அதைப் பார்த்துத்தான் எந்த ஊசி என்று முடிவெடுப்பார்கள். தொடையில் போடும் ஊசியும் இருக்கிறது, ஆகவே சுலபமாகக் கழற்றக்கூடிய உடுப்புப் போட்டு விடுங்கள். வெறும் வயிற்றோடு கொண்டு வரவேண்டாம். பால் குடிக்கிற பிள்ளைக்கு ஊசிக்கு முன்னும் பின்னும் தாய்ப்பால் கொடுக்கலாம், சொட்டு மருந்துக்கும் அது தடையில்லை.

மூதூர் ஆள், இப்ப லிங்கநகர்: மகளுக்கு 13 மாசம். 2 மாச, 4 மாச ஊசி மூதூர்ல போட்டது. பிறகு வேலைக்காகக் கொழும்புக்குப் போனதால ஒண்டும் போடேல்ல. திரும்ப முதல்ல இருந்து தொடங்கவேணுமா?

வேண்டாம், தம்பி. போட்ட ஊசி போட்டதுதான். இடைவெளி எவ்வளவு நீண்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

உங்கள் மகளுக்கு இப்போது மூன்று பாக்கி. 6 மாதத்தில் போடவேண்டிய, குக்கல் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவின் மூன்றாவது ஊசியும் போலியோ சொட்டும், 9 மாதத்தில் போடவேண்டிய, சின்னமுத்துக்கும் இன்னும் இரண்டு நோய்களுக்குமான எம்எம்ஆர், 12 மாதத்துக்குரிய ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. சனிக்கிழமை பென்டாவைத் தொடையிலும் எம்எம்ஆரை மேல்கையிலும் ஒரே நாளில் போடலாம், சொட்டையும் அப்போதே கொடுக்கலாம். மூளைக்காய்ச்சல் ஊசியையும் அன்றே போடுவதா, நான்கு கிழமை கழித்துப் போடுவதா என்பதை வைத்தியர் பிள்ளையைப் பார்த்துச் சொல்வார். இரண்டு முறையும் சரிதான்.

இனித்தான் பலர் தவறவிடும் இடம் வருகிறது. 18 மாதத்தில் முக்கூட்டு ஊசி என்று பதிவேட்டில் இருக்கும், பென்டா தடுக்கும் ஐந்தில் மூன்று நோய்களுக்கானது அது. மூன்றாவது பென்டாவுக்கும் அதற்கும் இடையில் குறைந்தது ஆறு மாதம் இருக்கவேண்டும். 13 மாதத்தில் மூன்றாவது போட்டால், அது 19 மாதத்துக்குப் போய்விடும். 18 மாதம் ஆனதும் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள், பிறகு சலிப்பில் போகாமல் விடுவதும் நடக்கிறது. சனிக்கிழமையே அடுத்த திகதியைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று வயதில் வரும் இரண்டாவது எம்எம்ஆர் மாறாது.

சாம்பல்தீவு அக்கா: தம்பிக்கு ஒண்டு சொல்லட்டும். ரெண்டு ஊசிக்கு நடுவில ஒரு மாதம் விடவேணும். ஒரே நாளில ரெண்டு மூண்டு போட்டால் பிள்ளை தாங்காது.

அக்கா சொல்வதில் பாதி சரி. எம்எம்ஆரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் உயிருள்ள, வலுக்குறைத்த கிருமிகளால் ஆனவை. அந்த இரண்டையும் ஒரே நாளில் போடலாம், அல்லது நான்கு கிழமை இடைவெளி விட்டுப் போடலாம். இடையில் இரண்டு கிழமையில் போட்டால்தான் இரண்டாவது சரியாக வேலை செய்யாமல் போகலாம். பென்டாவில் உயிருள்ள கிருமி இல்லை. அதனால் மற்ற எந்த ஊசியோடும் எந்த நாளிலும் அதைச் சேர்த்துப் போடலாம், இந்த விதி அதற்குப் பொருந்தாது. ஆனால் பென்டாவின் மூன்று ஊசிகளுக்கிடையே தனியாக இடைவெளி உண்டு. ஒன்றுக்குப் பிறகு மற்றதை அவசரப்பட்டு முன்னால் போடமாட்டார்கள்.

மனையாவெளி அப்பா: மண்டபத்தில பிரிட்ஜ் இல்ல. இந்த வெயிலுக்கு மருந்து பழுதாகாதா?

நியாயமான கேள்வி. ஊசி மருந்துகள் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். பிரிட்ஜ் இல்லாத இடத்துக்குத் தடிப்பான சுவருள்ள மருந்துப் பெட்டியில், நாலு பக்கமும் ஐஸ் பொதி வைத்துக் கொண்டு வருவார்கள். ஐஸ் பொதியை உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு வைப்பதில்லை. உலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்கும் வரை வெளியில் விட்டுத்தான் வைக்கவேண்டும். பென்டா போன்ற ஊசி உறைந்தால் கெட்டுவிடும், சூடு மட்டுமல்ல குளிரும் அதற்கு எதிரி.

நீங்களே பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. சூட்டைக் காட்டும் அடையாளமுள்ள குப்பிகளில், ஒரு நிற வட்டத்துக்குள் சின்னச் சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. சதுரம் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்தாலோ போடக்கூடாது. காட்டச் சொல்லிக் கேட்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். ஆனால் அந்த அடையாளம் சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. அதை மருந்து போடுபவர்தான் கவனிக்கவேண்டும்.

எம்எம்ஆர் தூளாக வரும், அதற்கென்றே வரும் திரவத்தில் கரைத்த பிறகு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. முகாம் முடிந்ததும் மிஞ்சியதை எறிந்துவிடுவார்கள். வீணாக்குகிறார்கள் என்று சிலர் குறைப்படுவார்கள். அப்படி எறிவதுதான் உங்கள் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

கிண்ணியா உம்மா: என்ட மகனுக்கு 2 மாச ஊசி போட்டு மூணு மணித்தியாலத்துக்கு மேல ஓயாம அழுதான். திரும்பக் கொண்டு வரப் பயமா இருக்கு.

பயம் வீண் என்று சொல்லமாட்டேன், ராத்தா. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் அழுவது பென்டாவுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு வருகிறது, அதில் உள்ள குக்கல் பகுதியோடுதான் அதற்குத் தொடர்பு. அது தானாக அடங்கும், பின்னாளில் பிள்ளையைப் பாதிப்பதில்லை. ஆனாலும் அடுத்த ஊசிக்கு முன்னால் அங்கேயுள்ள சுகாதார வைத்திய அதிகாரியிடம் கட்டாயம் சொல்லவேண்டும். முகாமில் வரிசையில் நிற்கும்போது சொல்லாமல் கையை நீட்டிவிடாதீர்கள். அதே ஊசியைப் போடுவதா, வைத்தியசாலையில் வைத்துப் பார்த்துப் போடுவதா என்பது அழுகையோடு வலிப்பு, மயக்கம், கடும் காய்ச்சல் வந்ததா என்பதைப் பொறுத்தது. அதை எழுத்தில் கேட்டு என்னால் தீர்மானிக்க முடியாது.

இன்னும் ஒன்று. முட்டைக்கு அலர்ஜி என்பதற்காக எம்எம்ஆரை விடவேண்டாம். ஆனால் மாட்டுப்பாலோ மாட்டிறைச்சியோ சாப்பிட்டு உடம்பு தடித்தோ மூச்சிழுத்தோ இருந்தால், அல்லது முந்திய ஊசிக்கு அப்படி வந்திருந்தால், முகாமில் போடாமல் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள்.

செல்வநாயகபுரம் அம்மா: ஊசிக்கு முதலே பனடோல் சிரப் குடுத்திட்டு வரட்டா? இப்ப லேசாத் தடிமனும் இருக்கு.

முன்கூட்டியே கொடுக்கவேண்டாம். காய்ச்சல் வந்தால் கொடுங்கள். தடிமன், லேசான இருமல் ஊசிக்குத் தடையில்லை. நல்ல காய்ச்சலோடு பிள்ளை சோர்ந்து கிடந்தால் மட்டும் சுகமான பிறகு போடுவார்கள்.

பனடோல் அளவு பிள்ளையின் நிறையைப் பார்த்தது, வயதைப் பார்த்தது அல்ல. கிலோவுக்கு 15 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால், 8 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 5 மில்லிலீற்றர் சரியாக வரும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. துளித்துளியாக விடும் சின்னப் போத்தல் பலமடங்கு செறிவு கூடியது. அதிலிருந்து 5 மில்லிலீற்றர் கொடுத்துவிட்டு வைத்தியசாலைக்கு ஓடும் நிலை உண்மையிலேயே வருகிறது. லேபலை வாசியுங்கள், சிரப்போடு வரும் அளவுகோப்பையைப் பாவியுங்கள், தேநீர்க் கரண்டி வேண்டாம்.

பென்டாவுக்குக் காய்ச்சல் அன்றிரவோ மறுநாளோ வந்து இரண்டு நாளுக்குள் போகும். எம்எம்ஆருக்கு அப்படியல்ல, 7 முதல் 12 நாள் கழித்துக் காய்ச்சலும் மெல்லிய செம்புள்ளிகளும் வரலாம். அப்போது பலருக்கு ஊசி போட்டதே மறந்துபோயிருக்கும், வேறு நோய் என்று பயப்படுவார்கள். எந்த நாளாக இருந்தாலும் வலிப்பு வந்தாலோ, எழுப்ப முடியாமல் சோர்ந்தாலோ, காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றாலோ, ஊசி போட்ட திகதியைச் சொல்லி உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

உவர்மலை ஐயா: எனக்குக் கால்ல ஆணி குத்திப் போச்சு. ஏற்புவலி ஊசி அங்க போடலாமா?

முகாம் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும், ஐயா. சனிக்கிழமை வரை காத்திராமல் இன்றைக்கே காயத்தைக் கழுவிவிட்டு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள்.

நிலாவெளி அம்மா: பிள்ளைக்கு 3 வயசு முடிஞ்சுது. வீடு மாறேக்க பதிவேடு துலைஞ்சு போச்சு. எங்க எது போட்டதெண்டு ஞாபகமில்ல. சனிக்கிழமை வந்தால் போடுவினமா?

பதிவேடு துலைந்தால் ஊசியும் துலைந்தது என்றில்லை. முன்பு இருந்த இடத்துக் குடும்பநல உத்தியோகத்தர் பிறப்பு, தடுப்பூசிப் பதிவை வைத்திருப்பார், ஊசி போட்ட கிளினிக்கிலும் பதிவு இருக்கும். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பிறந்த வைத்தியசாலை, தாயின் பெயர், அப்போதைய முகவரி இவ்வளவும் சொன்னால் தேடிக் கண்டுபிடிக்கலாம். முகாமுக்கு முதலே அழைத்துக் கேட்டுவிடுங்கள். பழைய பதிவை அங்கு படம் எடுத்து அனுப்பச் சொன்னால், இங்கே புதிய பதிவேட்டில் எழுதித் தரலாம்.

எங்கும் கிடைக்காவிட்டால், எழுத்தில் இல்லாதது போடாததாகவே கணக்கு. இரண்டாவது எம்எம்ஆர் 3 வயதுக்குரியது, அது ஏற்கெனவே போட்டிருந்து மீண்டும் போட்டாலும் பிள்ளைக்குக் கெடுதியில்லை. 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது, 2023இல் மறுபடியும் நோயாளிகள் வந்தார்கள். அதனால் சந்தேகத்தில் விட்டுவைப்பதைவிடப் போட்டுவிடும் பக்கமே நான் நிற்கிறேன். பென்டா, முக்கூட்டு போன்றவற்றை எப்படிக் கணக்கிடுவது என்பதை வைத்தியரே முடிவெடுக்கட்டும், அவை வீணாகத் திரும்பத் திரும்பப் போடப்பட்டால் ஊசி போட்ட இடம் வீங்கி நோகும்.

பிறந்தவுடன் போட்ட காசநோய் ஊசியின் தழும்பு இடது மேல்கையில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து வாருங்கள். தழும்பு இல்லை என்றால் மேசையில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அந்த ஊசி இந்த முகாமில் இல்லை, எங்கே போவது என்று எழுதித் தருவார்கள்.