கட்டட நிழலுக்குப் பொருந்தும் மேகம்

"கட்டடப் படத்தில் வெளுத்த வானத்தை எடுத்துவிட்டு மேகம் போட்டேன், அழகாக இருக்கிறது, ஆனால் ஒட்டவைத்த மாதிரியே தெரிகிறது. ஏன்?"

மேகத்தை விடுங்கள், முதலில் சன்ஷேடுக்குக் கீழே சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். அது வலப்பக்கம் சரிந்து விழுந்தால் சூரியன் இடப்பக்கம் மேலே இருக்கிறது, அப்படியென்றால் மேகத்தின் பளிச்சென்ற ஓரமும் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும், சாம்பல் அடி வலப்பக்கம். மாறியிருந்தால் போட்டோஷாப்பில் Edit > Sky Replacement பெட்டியில் Flip-ஐ டிக் செய்தால் போதும்.

ஆனால் Flip இடம் வலத்தை மட்டும்தான் மாற்றும். முகப்புச் சுவரில் நேராக வெயில் அடிக்கிறது என்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அந்தப் படத்தில், சூரியனை மறைத்து விளிம்பு ஜொலிக்கும் மேகத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் பொய்யாகத்தான் தெரியும், வேறு வானம் தேடுங்கள். நிழலின் ஓரம் மங்கலாக இருந்தால் மெல்லிய, பரவலான மேகம்தான் சரி.

அப்புறம் மொட்டைமாடித் தொட்டி, கேபிள் ஓரங்களை 100% பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் அதே பெட்டியில் Shift Edge-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். ஜன்னல் கண்ணாடியில் பழைய வெள்ளை வானம் அப்படியே இருக்கும், பலரும் மறப்பது இதைத்தான். அதே மேகத்தைக் கண்ணாடி மேல் Multiply-இல் லேசாக வையுங்கள்.