ரைட் கேஷ் போட்ட நாஸும் நான்கு நல்ல ஹார்ட் டிஸ்க்கும்

கேள்வி: என் நாஸில், அதாவது நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்ட் டிஸ்க் பெட்டியில், இரண்டு எஸ்எஸ்டி போட இடம் இருக்கிறது. ரீட் கேஷ் மட்டும் போதுமா, ரைட் கேஷும் போடலாமா?

நீங்களும் வீட்டிலோ சின்ன ஆபீஸிலோ சாதாரண கிகாபிட் லேனில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் ரீட் கேஷ் மட்டும் போதும்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். நான்கு டிஸ்க் நாஸில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு 250 ஜிபி எஸ்எஸ்டிகளை, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும் மிரராகப் போட்டு, ரீட்-ரைட் கேஷ் வைத்தேன். பெரிய ஃபைல்கள் கேஷைத் தொடாமல் நேராக டிஸ்க்குக்குப் போகும்படிதான் முதலில் இருந்தது. வேகம் கூடும் என்று அதையும் மாற்றிவிட்டேன். கூடவில்லை. கிகாபிட் கேபிளில் நொடிக்கு 110 எம்பி அளவுக்குத்தான் வரும், அதை ஹார்ட் டிஸ்க்கே தாங்கும். ஆனால் தினமும் சுமார் 200 ஜிபி எஸ்எஸ்டி வழியாகப் போனது. அந்த எஸ்எஸ்டிக்கு வாரண்டி 150 டிபி எழுதும் வரைதான். கணக்குப் போட்டால் 750 நாள். மிரர் என்பதால் இரண்டும் ஒரே அளவு தேய்ந்தன. ஒன்று போனது. புதிது வாங்கி மாட்டுவதற்குள், இரண்டாம் நாள் மற்றதும் போய்விட்டது.

ரீட் கேஷில் இருப்பது வெறும் நகல். எஸ்எஸ்டி செத்தாலும் அசல் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். ரைட் கேஷில் அப்படியில்லை. எஸ்எஸ்டியில் விழுந்ததுமே "எழுதியாச்சு" என்று கம்ப்யூட்டருக்குப் பதில் போய்விடும், டிஸ்க்குக்கு அப்புறம்தான் போகும். அந்த இடைவெளியில் அசல் எஸ்எஸ்டியில் மட்டும்தான் இருக்கிறது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற ஃபைல் சிஸ்டத்தின் கணக்கும் அதே வழியில்தான் போகிறது. அதனால் கடைசி சில ஃபைல்கள் மட்டும் போகவில்லை, வால்யூமே திறக்கவில்லை. நான்கு ஹார்ட் டிஸ்க்கும் நன்றாக இருந்தும்!

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, 11 நாள் பழையது. நடுவில் எடுத்த இரண்டு கல்யாணங்களின் மெமரி கார்டை நான் அழித்திருக்கவில்லை, அதனால் தப்பித்தேன். எடிட் செய்த வேலை முழுக்கப் போய்விட்டது.

ரைட் கேஷே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விர்ச்சுவல் மெஷின், டேட்டாபேஸ் மாதிரி சின்னச் சின்னதாக ஓயாமல் எழுதும் வேலைக்கு அது உண்மையிலேயே உதவும். அப்போதும் கரண்ட் போனால் கையிலிருப்பதை எழுதி முடிக்க கெப்பாசிட்டர் உள்ள எஸ்எஸ்டியாக வாங்குங்கள், யூபிஎஸ் வையுங்கள், இரண்டில் ஒன்றைச் சில மாதத்தில் மாற்றிவிடுங்கள், தேய்மானம் சமமாக இருக்காது. எஸ்எஸ்டியைக் கழற்றும் முன் நாஸ் மெனுவில் கேஷை நீக்கச் சொல்லி, பாக்கி எல்லாம் டிஸ்க்குக்கு இறங்கி முடியும்வரை காத்திருங்கள். நான் இப்போது ஒரே எஸ்எஸ்டியில் ரீட் கேஷ் மட்டும் வைத்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான போட்டோ உள்ள ஃபோல்டர் இரண்டாம் முறை திறக்கும்போது சட்டென்று வருகிறது.