எடை குறைக்கும் ஊசி: பசி அடங்குவதும் வாந்தி வருவதும்

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். வயது 44, எடை 96 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். எடை குறைய வாரம் ஒரு செமாகுளூடைடு ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். அது எப்படிப் பசியைக் குறைக்கும்? வாந்தி வரும் என்கிறார்களே, போடலாமா?

பதில்: சாப்பாடு குடலுக்கு வந்ததும் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் சுரக்கும். 'போதும்' என்று மூளைக்குச் சொல்வது அதுதான். ஆனால் ஓரிரு நிமிடங்களிலேயே அது ரத்தத்தில் சிதைந்துவிடும். செமாகுளூடைடு அதே ஹார்மோனின் சாயலில், சீக்கிரம் சிதையாதபடி செய்த மருந்து. ஒரு வாரம் கழித்தும் பாதியளவு உடம்பில் இருக்கும். மூளையில் பசியை அடக்குவதோடு, இரைப்பை காலியாவதையும் தாமதமாக்கும். காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லி மதியம் வரை வயிற்றில் நிற்பது போலிருக்கும்.

வாந்திக்கும் காரணம் இதுவேதான். ஆம்பூரிலிருந்து என்னிடம் வரும் ஓர் ஆசிரியைக்கு முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராம் தொந்தரவில்லாமல் போனது. மே மாதத்தில் 0.5-க்கு ஏற்றினோம். மறுநாள் கல்யாண வீட்டில் வழக்கம்போல் ஒரு தட்டு பிரியாணி சாப்பிட்டார். இரண்டு நாள் வாந்தி. குமட்டலுக்குப் பயந்து தண்ணீரும் குடிக்கவில்லை. நம் ஊர் வெயிலில் அது போதும். சிறுநீர் டீ நிறத்தில், கொஞ்சமாகப் போக ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. டிரிப் ஏற்றியதும் சிறுநீரகம் தேறியது. அப்புறம் 0.25-க்கே திரும்பி, ஒரு மாதம் கழித்துத்தான் ஏற்றினோம். இப்போது அரைத் தட்டோடு எழுந்துவிடுகிறார், எண்ணெய்ப் பண்டத்தைத் தொடுவதில்லை, குமட்டல் இருந்தாலும் மோரை வாய் வாயாகக் குடிக்கிறார். மலச்சிக்கல் மட்டும் இன்னும் இருக்கிறது.

வாந்தியை விட எனக்குக் கவலை உங்கள் கிளிமிபிரைடுதான். சாப்பாடு பாதியாகும்போது அந்த மாத்திரை பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். முதல் ஊசிக்கு முன்பே அந்த மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர் என்பதால் விழித்திரையையும் பார்த்துவிட்டே ஆரம்பிக்க வேண்டும்.

பலன் நிஜமானது. ஆய்வுகளில் சர்க்கரை இல்லாதவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு சுமார் 10 சதவீதம்தான். உங்கள் கணக்கில் ஒன்பது கிலோ போல. சர்க்கரையும் கட்டுக்குள் வரும். ஆனால் நிறுத்தினால் ஒரே வருடத்தில் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது, அதனால் நீண்ட நாள் செலவையும் கணக்குப் பாருங்கள்.

குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடாது. முன்பு கணையம் வீங்கியிருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். போட்ட பிறகு மேல்வயிற்றில் கடும் வலி தொடங்கி முதுகுக்குப் பரவினால், அடுத்த ஊசியைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.