காம்பவுண்டை ஒட்டிய மழைநீர் வாய்க்கால்: சரிவு, சிலாப், தெரு வடிகால் இணைப்பு

கேள்வி: கொடுங்கையூரில் வீடு. பின்பக்க மூலையிலிருந்து கேட் வரை காம்பவுண்டை ஒட்டி 60 அடிக்கு மழைநீர் வாய்க்கால் கட்டப்போகிறோம். எவ்வளவு சரிவு வைக்கணும், மேலே சிலாப் எப்படிப் போடணும், தெரு வடிகாலில் எப்படிச் சேர்க்கணும்?

பதில்:

முதலில் தெரு வடிகாலை அளந்து பாருங்கள். சரிவை நாம் விரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ள வட சென்னை இடம் கொடுக்காது. தரை கிட்டத்தட்ட தட்டை. தண்ணீர் போய்ச் சேரும் பக்கிங்ஹாம் கால்வாயும் கடல் மட்டத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. போதாததற்கு ரோடு போடப் போட தெரு உயர்ந்து, பழைய மனைகள் எல்லாம் பள்ளத்தில் கிடக்கின்றன. அதனால் வாய்க்கால் எங்கே முடிய முடியும் என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். மேஸ்திரிகள் பெரும்பாலும் பின்பக்க மூலையில் ஒரு ஆழம் தோண்டிக்கொண்டு கேட்டை நோக்கி வருவார்கள். அப்படி வந்தால் கேட்டருகே வாய்க்காலின் அடி தெரு வடிகால் தண்ணீருக்குக் கீழே போய் நிற்கும்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம், டியூப் லெவல் போதும். கேட் தூணில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, அதே மட்டத்தைப் பின்பக்கச் சுவரிலும் தெருப் பக்கத்திலும் குறியுங்கள். இனி எல்லா அளவும் அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி எத்தனை இன்ச் என்பதுதான். இந்த ஒரு பழக்கம் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

கொருக்குப்பேட்டையில் நான் நின்று கட்டிய ஒரு வேலையின் அளவுகளைச் சொல்கிறேன், அதுவும் 60 அடிதான். கோட்டிலிருந்து ரோடு 30 இன்ச் கீழே. கேட் உள்பக்கத் தரை 34. பின்பக்க மூலைத் தரை 36. அதாவது ரோட்டைவிட கேட் பள்ளம், கேட்டைவிட பின்பக்கம் பள்ளம். தண்ணீர் தானாக ஓட நினைக்கும் திசைக்கு எதிர்த்திசையில் அதைக் கொண்டுபோக வேண்டும். உங்கள் மனையும் அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

அடுத்தது தெரு வடிகால். அதன் அடித்தளம் எங்கே இருக்கிறது என்பதைவிட, மழை நாளில் அதற்குள் தண்ணீர் எதுவரை ஏறி நிற்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும். அடியில் மண் தேங்கியிருக்கும், அந்த ஆழத்தை நம்ப முடியாது. ஒரு சாதாரண மழை பெய்து முடிந்ததும் ரோட்டோர மூடித் திறப்பு வழியாகக் குச்சியை விட்டு அளக்கலாம். மழை இல்லாத நாளில் உள்சுவரில் கறை படிந்த கோடு தெரியும், அதை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே மட்டும் யாரையும் இறக்காதீர்கள். அந்த வேலையில் கறைக் கோடு 49 இன்ச்சில் இருந்தது. நம் குழாய் அதற்கு மேலே போய் விழ வேண்டும், ஆகவே குழாயின் அடி 48.

கேட்டுக்கு உள்ளே, வாய்க்கால் முடியும் இடத்தில் மண் தங்குவதற்காகக் கட்டிய தொட்டியிலிருந்து தெரு வடிகால் சுவர் வரை 5 அடி. அந்தக் குழாய்க்கு முக்கால் இன்ச் சரிவு கொடுத்தோம். தொட்டியில் குழாயின் அடி 47¼, வாய்க்கால் வந்து முடியும் அடி 47. இனி பின்னோக்கி 60 அடி, அதாவது 720 இன்ச். 100 இன்ச்சுக்கு 1 இன்ச் என்று தாராளமாகச் சரிவு வைத்தால் பின்பக்க மூலையில் வாய்க்காலின் அடி 40 இன்ச் அளவில் வரும். அங்கே தரை 36. நடுவில் இருப்பது 4 இன்ச், அதில் 3 இன்ச் சிலாப்புக்குப் போய்விட்டால் வாய்க்காலே மிஞ்சாது. 200-க்கு 1 என்று வைத்தால் மொத்தம் மூன்றரை இன்ச் சரிவு, பின்பக்க அடி 43½. தரையிலிருந்து ஏழரை இன்ச் ஆழம், தரையைவிட அரை இன்ச் தாழ்த்திப் போடும் சிலாப் போக நாலு இன்ச் திறப்பு. கேட் பக்கம் 13 இன்ச் ஆழம். இது வேலைக்கு ஆகிற வாய்க்கால், அதனால் 200-க்கு 1 என்று முடிவு செய்தோம்.

நாலு இன்ச் திறப்பு போதுமா என்று பயம் வரும். போதும். மொட்டை மாடியும் முற்றமும் சேர்ந்து 200 சதுர மீட்டர் என்றால், மணிக்கு 100 மில்லிமீட்டர் என்கிற பேய்மழையில் விநாடிக்கு ஐந்தரை லிட்டர் அளவுதான் வரும். 9 இன்ச் அகல வாய்க்கால் 200-க்கு 1 சரிவில் அதைச் சுலபமாகக் கொண்டுபோகும். வீட்டு வாய்க்கால்கள் சிறியதாக இருப்பதால் கெடுவதில்லை. மண் படிந்துதான் கெடுகின்றன. அகலத்தைக் கூட்டினால் சின்ன மழையில் தண்ணீர் மெல்லிசாகப் பரவி, மண்ணை இன்னும் அதிகமாகப் படியவிடும். அதனால் அகலம் 9 இன்ச்சே இருக்கட்டும். அடியைத் தட்டையாக விடாமல் அரைவட்டமாகக் குழித்துப் பூசச் சொல்லுங்கள். கொஞ்சத் தண்ணீரும் நடுவில் சேர்ந்து வேகமாக ஓடி மண்ணை இழுத்துக்கொண்டு போகும்.

இவ்வளவு குறைந்த சரிவைக் கண்ணால் பார்த்துப் பூச முடியாது. கொத்தனாரிடம் 6 அடி அலுமினியப் பட்டி இருக்கும். அதன் ஒரு முனைக்கு அடியில் 9 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைல் துண்டை டேப் போட்டு ஒட்டுங்கள். டைல் ஒட்டிய முனை கேட் பக்கம் பார்க்க வேண்டும். பட்டியின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை பூச்சைச் சரிசெய்தால் 200-க்கு 1 தானாக வந்துவிடும். பட்டியை நகர்த்தி நகர்த்தி முழு நீளமும் பார்க்கச் சொல்லுங்கள். வாய்க்கால் மூலையில் திரும்பினால், திரும்பும் இடத்தை வளைவாக உருட்டிப் பூசுங்கள். குப்பை முதலில் சிக்குவது அங்கேதான்.

கட்டுமானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடியில் 4 இன்ச் பிசிசி என்கிற கம்பியில்லாத கான்கிரீட், இருபுறமும் நாலரை இன்ச் செங்கல் சுவர், உள்ளே சிமென்ட் பூச்சு. செங்கல் மிச்சம் என்று காம்பவுண்டு சுவரையே வாய்க்காலின் ஒரு பக்கமாக வைக்கச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரம் சுவர் அஸ்திவாரத்துக்கு இறங்கும். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று ஒரு இடத்தில் தோண்டிப் பார்த்து, அதற்குக் கீழே போகாமல், பத்துப் பத்து அடியாகத் தோண்டிக் கட்டிக்கொண்டே போங்கள். 60 அடியையும் ஒரே நாளில் திறந்து போட்டு, அன்று இரவு மழை பிடித்தால் காம்பவுண்டு சாயும்.

சிலாப் போடுவதற்கு முன் ஒரு சோதனை. பின்பக்க மூலையில் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றி, அரை மணி கழித்துப் போய்ப் பாருங்கள். எங்கேயாவது திட்டுத் திட்டாகத் தண்ணீர் நின்றால் அங்கே பூச்சு பள்ளம். கையோடு சரிசெய்துவிடுங்கள். மூடிவிட்டால் அது கொசுத் தொட்டி.

சிலாப்புக்கு வருவோம். 9 இன்ச் வாய்க்கால், இருபுறச் சுவர் சேர்த்து 18 இன்ச். பலர் 18-க்கு 18 சதுரமாக வார்க்கிறார்கள். 3 இன்ச் தடிமனில் அது 40 கிலோ வரும். தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதால் யாரும் தூக்கவே மாட்டார்கள், வாய்க்கால் ஒருநாளும் சுத்தமாகாது. 18-க்கு 12 என்று வார்த்துக்கொள்ளுங்கள். சுமார் 26 கிலோ, ஒரு ஆள் கொக்கி போட்டுத் தூக்கிவிடலாம். வாய்க்காலின் குறுக்கே போகிற திசையில் 8 மில்லி கம்பி மூன்று, அதன் மேல் எதிர்த்திசையில் மூன்று கட்டினால் போதும்.

கம்பி சிலாப்பின் அடிப்பாகத்தில், அடியிலிருந்து முக்கால் இன்ச் உயரத்தில் இருக்க வேண்டும். எடை ஏறும்போது இழுபடுவது அடிப்பக்கம்தான். வார்க்கும்போது சரியாக வைத்துவிட்டு, பதிக்கும்போது தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். பிறகு யாராவது ஏறி மிதித்தால் குறுக்கே விரிசல் விடும். காய்வதற்குள் மேல்பக்கத்தில் ஆணியால் ஒரு அம்புக்குறி கீறச் சொல்லுங்கள். ஈரச் சாக்கு போட்டுப் பத்து நாள் நனைத்த பிறகே பதிக்க வேண்டும். கார் ஏறி இறங்கும் கேட் பகுதிக்கு மட்டும் நாலரை இன்ச் தடிமன், 10 மில்லி கம்பி 4 இன்ச்சுக்கு ஒன்று. அங்கே ஆழம் இருப்பதால் தடிமன் கூடினாலும் திறப்பு குறையாது.

சிலாப்பின் மேல்மட்டம் முற்றத் தரையைவிட அரை இன்ச் தாழ்ந்திருக்கட்டும், இரண்டு சிலாப்புக்கு நடுவில் அரை இன்ச் இடைவெளி இருக்கட்டும். தண்ணீர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று இடைவெளியைக் கலவை வைத்து அடைத்தால், முற்றத்தில் தண்ணீர் நிற்கும், கீழே வாய்க்கால் காலியாக இருக்கும்.

கேட் உள்பக்கம் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு மண் தொட்டி கட்டுங்கள். அதன் அடி, குழாயின் அடியைவிட ஒரு அடி தாழ்வாக இருக்கட்டும். மண்ணும் இலையும் அங்கே தங்கும், தெரு வடிகாலுக்குத் தெளிந்த தண்ணீர் போகும். அதை வாரி எடுக்க வசதியாக மூடி லேசாக இருக்கட்டும். களிமண் பகுதியில் தொட்டித் தண்ணீர் தானாக உறிஞ்சாது, மழை விட்டதும் மொண்டு ஊற்றிவிட வேண்டும்.

தெரு வடிகாலில் நீங்களாகச் சம்மட்டி போட்டு ஓட்டை போடாதீர்கள். வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இப்போது போட்டிருக்கும் வடிகால்கள் கம்பி கட்டிய கான்கிரீட் பெட்டிகள். அடித்து உடைத்தால் கம்பி அறுந்து சுவர் பலமிழக்கும், கோர் கட்டிங்கில் வட்டமாக அறுப்பதுதான் முறை. 6 இன்ச் பிவிசி குழாய் போதும். குழாய் முனை வடிகாலின் உள்சுவரோடு சமமாக முடிய வேண்டும். நான்கு இன்ச் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் தெருவில் வரும் பிளாஸ்டிக் கவர் எல்லாம் அதில் மாட்டும். ரோட்டுக்கு அடியில் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் போட்டுவிடுங்கள்.

இந்த வாய்க்காலில் சமையலறைத் தண்ணீர், வாஷிங் மெஷின் தண்ணீர் எதையும் விடக் கூடாது. கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைத்தால் மாநகராட்சி இணைப்பை அடைத்து அபராதமும் போடும். தெரு வடிகால் தூரமாக இருக்கிறது என்று மழைத் தண்ணீரைக் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர் மேன்ஹோலில் விடுவதும் தவறு. பெருமழையில் அது நிரம்பி, பள்ளத்தில் இருக்கும் வீட்டுக் கழிவறை வழியாகத் திரும்பி வரும். மாடித் தண்ணீர் முதலில் கிணற்றுக்கோ மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ போகட்டும், வழிகிறது மட்டும் இந்த வாய்க்காலுக்கு வரட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வந்த மாதிரி தெருவே நிரம்பினால் எந்தச் சரிவும் உதவாது. கொருக்குப்பேட்டை அளவுகளில் பின்பக்கத் தரை ரோட்டைவிட 6 இன்ச் பள்ளம். தெரு வடிகால் நிரம்பி ரோடு மட்டத்துக்கு வந்தால், அதே குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். அதற்காகத் தொட்டியில் குழாய் வாயில் ஒரு ஒருவழி மூடி பொருத்தினோம். அதில் ஒரு பாலிதீன் கவர் சிக்கினாலும் முழுதாக மூடாது. எனவே கையால் இறக்கி அடைக்க ஒரு பலகையும், அது உட்காரத் தொட்டிச் சுவரில் ஒரு காடியும் வைத்தோம். பலகை இறங்கியிருக்கும் நேரத்தில் முற்றத்தில் விழும் மழையைத் தொட்டியிலிருந்து சின்ன மோட்டார் வைத்து ரோட்டுக்கு இறைக்க வேண்டியதுதான். உங்கள் தெருவில் கறைக் கோடே 44 இன்ச் அளவுக்கு மேலேறி இருந்தால், வாய்க்காலுக்குச் செலவு செய்யும் முன் பின்பக்கத் தரையை மண்ணடித்து உயர்த்துங்கள், பிறகு வாய்க்கால் கட்டலாம்.