அந்த அஞ்சு லட்சத்தைக் கொடுக்காதீங்க

காங்கேயம் பக்கத்திலிருந்து அப்பா, அம்மா, மகள் மூவரும் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். மகள் நீட்டில் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியிருக்கிறாள், அவ்வளவுதான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் எம்.பி.பி.எஸ். சீட்டு கேரண்டி என்று ஒரு புரோக்கர் ஐந்து லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். காட்டில் ஒரு ஏக்கரைக் கிரயம் பேசியாகிவிட்டது.

"பயப்படாதீங்க" என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம் நிறுத்திக்கொண்டேன். பயப்பட வேண்டிய விஷயம்தான் இது.

தனியார் கல்லூரியின் மேனேஜ்மென்ட் சீட்டையும் கல்லூரி தன் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. நீட் தரவரிசைப்படி, சென்னையில் இருக்கிற தேர்வுக் குழுதான் கவுன்சலிங்கில் ஒதுக்குகிறது. நிகர்நிலைப் பல்கலை என்றால் மத்திய கவுன்சலிங் குழு. விண்ணப்பிப்பதும் கல்லூரிகளை வரிசைப்படுத்துவதும் உங்கள் மகளின் லாகினில். புரோக்கர் தொடக்கூடிய இடம் இதில் எங்கே இருக்கிறது?

பிறகு எப்படிச் சிலருக்கு "வாங்கிக் கொடுக்கிறார்" என்கிறீர்களா? பத்துப் பேரிடம் அட்வான்ஸ் வாங்குவார். இரண்டு பேருக்கு அவர்கள் ரேங்குக்கே சீட்டு வரும். அது அவர் கணக்கு. மீதி எட்டுப் பேருக்கு "அடுத்த ரவுண்டு". உங்களிடம் காட்டிய ரசீதைப் பாருங்கள்: கைமாற்று என்று எழுதியிருக்கிறது. சீட்டு என்ற சொல்லே அதில் இல்லை. கல்லூரிகள் சீட்டுக்கு நன்கொடை வாங்குவதை 1992-லேயே தமிழ்நாடு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

மாமா வீட்டில் டாக்டர் இருக்கிறார் என்பதற்காக நிலத்தை விற்காதீர்கள். அட்வான்ஸோடு முடியாது, வருடா வருடம் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும்.

மகளிடம் தனியாகக் கேட்டேன். போன மாசம் கன்று குறுக்கே திரும்பி மாடு ஈன முடியாமல் கிடந்தபோது, கால்நடை மருத்துவர் கயிறு போட்டு இழுத்ததை அரை மணி நேரம் சொன்னாள். எம்.பி.பி.எஸ். பற்றி ஒரு வாக்கியம்கூட வரவில்லை.

கால்நடை மருத்துவத்துக்கு மாநில இடங்களில் நீட் பார்ப்பதில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். உயிரியலில் அவளுக்கு 97. அகில இந்திய இடங்களுக்கு மட்டுமே நீட். ஒரு வருடப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம். நாமக்கல்லிலும் உடுமலையிலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. பிரசவம் பார்ப்பது, அறுவை, செத்த கோழியை அறுத்து நோய் கண்டுபிடிப்பது எல்லாம் கையால் பழக வேண்டும். அரசு வேலை கிடைக்காவிட்டாலும் பல்லடம், நாமக்கல் கோழிப் பண்ணைகளும் பால் பண்ணைகளும் இருக்கிற ஊர் நம்முடையது. கட்-ஆஃப் உயரம்தான், கிடைத்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பிக்க நிலம் விற்க வேண்டியதில்லை.

"மாட்டு டாக்டருங்களா?" என்றார் அப்பா. உங்கள் காங்கேயம் மாட்டுக்கு நடுராத்திரி யாரைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

சரி, முதலில் ஒன்று செய்யுங்கள். மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் அசலாகப் புரோக்கரிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவை இல்லாமல் வேறு எந்தக் கவுன்சலிங்குக்கும் போக முடியாது, அதற்காகத்தான் வாங்கி வைத்திருக்கிறார். நாளைக்கே போய் வாங்கி வாருங்கள். தர மறுத்தால் நேராகப் போலீஸ் ஸ்டேஷன்.