மணியின் எக்ஸ்ரேயில் தெரிவது நீரா, சளியா?

கேள்வி: டாக்டர், எங்கள் மணிக்கு 11 வயது. பொமரேனியன், 9 கிலோ எடை. மூன்று மாதமாக வறட்டு இருமல். இருமி முடித்ததும் ஓங்கரிப்பான், சில நாள் வெள்ளை நுரை வரும். சாப்பாடும் விளையாட்டும் பழையபடிதான். நெஞ்சில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். 'இன்டர்ஸ்டிஷியல்' மாதிரி இருக்கிறது, நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம் என்று நீர் மாத்திரை தந்தார்கள். அதே படத்தைக் கோயம்புத்தூரில் காட்டினால் 'பிராங்கியல்' என்கிறார்கள், சளிக்குழாய்க் கோளாறாம். இருபது நாள் மாத்திரை கொடுத்தும் இருமல் குறையவில்லை. ஒரே படத்தில் இரண்டு வியாதியா? படத்தை அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு வாசகி, வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்

பதில்: படத்தைப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் எடுத்திருந்தாலும் வேண்டிய அளவுக்குத் தெளிவாகவே இருக்கிறது. ஒரே ஒரு படம், மணியை வலப்பக்கம் படுக்க வைத்து எடுத்தது. இரண்டு டாக்டர்களும் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பார்த்த இரண்டில் ஒன்று நோய், இன்னொன்று படம் எடுத்த நேரத்தால் வந்த வெண்மை என்பது என் கணிப்பு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

எக்ஸ்ரேயில் காற்று கறுப்பாக விழும். நீர், இரத்தம், சீழ், சதை எல்லாம் ஏறக்குறைய ஒரே சாம்பல் வெள்ளையாக விழும். அதனால் 'வெள்ளையாக இருக்கிறது' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு நீர் என்று சொல்ல வழியில்லை. நான் முதலில் தேடுவது இரத்தக் குழாய்களை. நல்ல நுரையீரலில் கறுப்புப் பின்னணியில் அவை வெள்ளைக் கிளைகளாக ஓரம் வரை ஓடும். அந்தக் கிளைகளுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்தால், நுரையீரல் வெளுப்பதில் உள்ள இன்டர்ஸ்டிஷியல், ஆல்வியோலார், பிராங்கியல் என்ற மூன்று வகையும் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்கழிக் காலையில் வரப்போரப் பனைமரங்களைப் பார்த்திருப்பீர்கள். பனிமூட்டத்தில் மரம் இருப்பது தெரியும், ஓலைதான் தெளிவாக இராது. இன்டர்ஸ்டிஷியல் வகை அப்படிப்பட்டது. காற்றறைகளுக்கு இடையில் உள்ள மெல்லிய சுவர்களில் ஈரமோ அழற்சியோ சேர்ந்திருக்கும், அறைகளுக்குள் காற்று இன்னும் மிச்சம் இருக்கும். இரத்தக் குழாய் தெரியும், விளிம்பு மட்டும் மங்கிப்போகும். ஆல்வியோலார் வகையில் அந்த அறைகளே நிரம்பிவிடும், அல்லது காற்று வற்றிச் சுருங்கிவிடும். அப்போது இரத்தக் குழாயும் சுற்றியுள்ள இடமும் ஒரே வெள்ளையாகி, குழாய் காணாமல் போகும். இதயத்தின் ஓரமும் உதரவிதானத்தின் ஓரமும் அந்த இடத்தில் அழிந்துவிடும். காற்று மிஞ்சியிருக்கும் கிளைக்குழாய் மட்டும் வெள்ளைச் சுவரில் கரியால் மரக்கிளை வரைந்தது போல் கறுப்பாக ஓடும். பிராங்கியல் வகையில் கோளாறு அந்தக் கிளைக்குழாயின் சுவரில். தடித்த சுவர், குறுக்காக வெட்டுப்பட்டுத் தெரியும் இடத்தில் உளுந்து வடை போல் நடுவில் ஓட்டையுள்ள வளையமாகவும், நீளவாக்கில் தெரியும் இடத்தில் ரயில் தண்டவாளம் போல் இணைகோடுகளாகவும் விழும்.

இனி மணியின் படம். கடைசி விலா எலும்பை 13 என்று வைத்து முதுகெலும்பில் முன்னோக்கி எண்ணினேன். அவனுடைய உதரவிதானம் பத்தாவது எலும்புக்கும் பதினோராவதுக்கும் நடுவில் முதுகைத் தொடுகிறது. மூச்சை நன்றாக இழுத்த நேரத்தில் எடுத்திருந்தால் அது பன்னிரண்டுக்குப் பக்கமோ அதற்கும் பின்னாலோ போயிருக்கும். இதயத்துக்கும் உதரவிதானத்துக்கும் நடுவில் கறுப்பாக ஒரு முக்கோணம் தெரிந்திருக்கும். இவன் படத்தில் அந்த முக்கோணமே இல்லை, இரண்டும் ஒட்டிக்கிடக்கின்றன. மூச்சை விட்ட நொடியில் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது. காற்று போன நுரையீரல் எந்த நாய்க்கும் வெளுத்துத்தான் தெரியும், இதயமும் பெரிதாகத் தெரியும். போதாததற்கு அந்த உடம்புக்கு 9 கிலோ எடையே அதிகம். நெஞ்சைச் சுற்றியுள்ள கொழுப்பும் படத்தின் மேல் இன்னொரு மூட்டம் போடும். இந்த இரண்டும் சேர்ந்தால் இல்லாத இன்டர்ஸ்டிஷியல் இருப்பது போலவே தோன்றும். எங்கள் தொழிலில் இருப்பதை விட அதிகமாகச் சொல்லப்படும் வகை இதுதான். மூச்சு இளைக்கிற நாயைச் சரியான நொடியில் படம் பிடிப்பது அவ்வளவு சுலபமில்லை. படம் எடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மூச்சு விட்டதால் வளையம் வராது. படத்தில் இதயத்துக்குப் பின்னால், மேல்பக்கமாக, நான்கு வளையங்களை எண்ணினேன். அதற்குக் கீழே ஒரு ஜோடி தண்டவாளக் கோடு. வயதான நாய்களுக்குக் கிளைக்குழாயின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து கோடுகள் தெரிவது உண்டு, அது நோயில்லை. அந்தக் கோடு பென்சிலால் கீறியது போல் மெல்லியதாக, கூர்மையாக இருக்கும். மணியின் கோடுகள் தடித்து, வெளி ஓரம் கலங்கித் தெரிகின்றன. வறட்டு இருமல், முடிவில் ஓங்கரிப்பு, மூன்று மாதம் ஆகியும் குறையாத சாப்பாடும் விளையாட்டும் எல்லாம் நாள்பட்ட கிளைக்குழாய் அழற்சிக்குப் பொருந்தி வருகின்றன.

சரி, முணுமுணுப்பு? இந்த வயதில் சின்ன ஜாதி நாய்களுக்கு இதயத்தின் இடப்பக்க வால்வு தடித்துக் கசிவது மிகவும் சகஜம். வால்வு கசிகிறது என்றால் நுரையீரலில் நீர் வந்துவிட்டது என்று பொருளில்லை, பல வருடம் வராமலே இருக்கலாம். நீர் வருவதற்கு முன் இதயத்தின் இட மேலறை பெருக்கும், நுரையீரலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் சிரை, பக்கத்தில் ஓடும் தமனியை விடத் தடிக்கும். நாயில் அந்த நீர் பெரும்பாலும் இதயத்தின் அடிவேருக்குப் பக்கத்திலும் அதற்குப் பின்னால் மேல்பக்கத்திலும் முதலில் மூட்டமாகத் தொடங்கி, முற்றினால் ஆல்வியோலாராக மாறும். முதல் டாக்டர் பயந்தது இதற்குத்தான். அந்தப் பயம் நியாயமானது.

அதனால் இதயத்தை அளந்து பார்த்தேன். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தின் அடியிலிருந்து இதய நுனி வரை ஒரு நீளம், அதற்குக் குறுக்கே மிக அகலமான இடத்தில் ஓர் அகலம். இரண்டையும் நான்காவது நெஞ்சு முதுகெலும்பின் முன் விளிம்பிலிருந்து வைத்து எத்தனை எலும்பு நீளம் என்று எண்ண வேண்டும். மணிக்கு 5.4, 4.7, கூட்டினால் 10.1. பல நாய்களுக்கு 10.5 வரை இயல்பு, சில சின்ன ஜாதிகளுக்கு அதற்கு மேலும் இயல்பாக இருக்கும். மூச்சு விட்ட படத்திலேயே இவ்வளவுதான். சிரையும் தமனியும் ஒரே தடிமன். இதயம் நுரையீரலை நனைக்கும் நிலைக்கு வந்ததாக இந்தப் படம் காட்டவில்லை.

ஆனால் ஒரே பக்கப் படத்தை வைத்து 'ஆல்வியோலார் எங்கும் இல்லை' என்று நான் எழுத மாட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு லாப்ரடாரைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் சாப்பிடாததால் வீட்டில் வாயைப் பிளந்து கஞ்சி ஊற்றியிருக்கிறார்கள். மறுநாளே காய்ச்சல், மூச்சு வாங்கல். நான் வலப்பக்கம் படுக்க வைத்து ஒரு படம் எடுத்து, பெரிதாக ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் நிலைமை மோசமாகி வந்தபோது இடப்பக்கம் படுக்க வைத்து எடுத்தேன். வலது நடு மடல் முழுக்க வெள்ளை, உள்ளே கறுப்புக் கிளை, இதயத்தின் ஓரம் அழிந்திருந்தது. படுத்த பக்கத்து நுரையீரல் உடம்பின் பாரத்தில் அமுங்கிக் காற்றை இழந்துவிடும். அப்போது அங்கே இருக்கும் நிமோனியா தனியாகத் தெரியாது. விழுங்கியது புரையேறிப் போகும் நிமோனியா அதிகம் பிடிப்பது அந்த வலது நடு மடலைத்தான். அதைப் பார்க்க வலப்பக்கம் மேலே இருக்க வேண்டும். அந்த நாய் பிழைத்தது, ஒரு நாள் வீணானது என்னால்தான். அன்றிலிருந்து இரு பக்கமும் மல்லாத்தியோ கவிழ்த்தோ ஒன்றும் என்று மூன்று படம் இல்லாமல் இருமல் நாயை நான் அனுப்புவதில்லை. மூச்சுத் திணறும் நாயை மட்டும் புரட்டக் கூடாது. முதலில் ஆக்சிஜன், அப்புறம்தான் படம்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது முதலில் ஒரு கணக்கு. மணி நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூன்று இரவு எண்ணி எழுதி வையுங்கள். கனவு கண்டு காலை உதறும் நேரத்தில் எண்ண வேண்டாம். நிமிடத்துக்கு 30க்குள் நிலையாக இருந்தால் நுரையீரலில் நீர் இருக்க வாய்ப்பு குறைவு. இந்த விஷயத்தில் ஒரு மங்கலான படத்தை விட அந்த எண்ணைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு, மாத்திரை எழுதிய டாக்டரிடமே போய், மூச்சு இழுக்கும் நேரத்தில் மூன்று பக்கப் படம் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். கழுத்தும் படத்தில் விழட்டும். இந்த ஜாதிக்கு மூச்சுக்குழாய் தட்டையாகும் நோயும் அதிகம். மூச்சு இழுக்கும்போது கழுத்துப் பகுதியும், விடும்போது நெஞ்சுப் பகுதியும் சப்பையாகும். அதனால் அதற்கு மட்டும் மூச்சு விட்ட படமும் உதவும், பழைய படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். இதயத்தைப் பற்றிச் சந்தேகம் மிஞ்சினால் மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரியிலோ கோயம்புத்தூரிலோ எக்கோ பார்த்துவிடலாம். நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் இருபது நாள் ஆகிவிட்டதால் சிறுநீரக இரத்தப் பரிசோதனை இந்த வாரமே செய்யுங்கள், நிறுத்துவதைப் பற்றி அப்போதே கேளுங்கள். நுரையீரல் நீராக இருந்தால் அந்த மாத்திரைக்குப் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே மூச்சு இறங்கியிருக்கும். சளிக்குழாய் நோயில் அது உடம்பை வறளச் செய்து சளியை இன்னும் கெட்டியாக்கும்.

அழற்சிதான் என்று உறுதியானால், தொற்று இல்லை என்று பார்த்துவிட்டு, குறைந்த அளவு ஸ்டீராய்டு தொடங்குவார்கள், மாத்திரையாகவோ மாஸ்க் வைத்து இன்ஹேலராகவோ. எடையை 7 கிலோ பக்கம் கொண்டுவருவது மருந்துக்குச் சமமாக வேலை செய்யும். கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சுப் பட்டை போடுங்கள், விறகடுப்புப் புகை, கொசுவத்திப் பக்கம் அவனைப் படுக்க விடாதீர்கள்.

தூக்கத்து மூச்சு 40ஐத் தாண்டினாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ, படுக்க முடியாமல் முழங்கையை விரித்து நின்றே மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். அந்த இரவே வண்டி பிடித்துக் கிளம்புங்கள்.