26 பக்கத் தீர்ப்பை அம்மாவுக்கு ஒரே பக்கத்தில் எழுதித் தருவது எப்படி?

கேள்வி: அம்மாவின் வாஷிங் மெஷின் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு 26 பக்க பிடிஎஃப்பாக வந்திருக்கிறது. நாலு தடவை படித்துவிட்டேன். ஜெயித்தோமா தோற்றோமா என்றே சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் அனுப்பியதில் 25ஆம் பக்கத்தின் அடியில் ‘மேற்கண்ட காரணங்களால்’ என்று ஒரு பத்தி தொடங்குகிறது. அதுதான் இறுதி உத்தரவு. முன்னால் உள்ளதெல்லாம் அங்கே வந்து சேர்வதற்கான வழி.

அந்தப் பத்தியைப் படிக்கும் முன் ஒரு தாளில் யார் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்களைக் குழப்பியது இதுதான் என்று நினைக்கிறேன். முதல் வழக்கில் அம்மா புகார்தாரர், கடை 1ஆம் எதிர்தரப்பினர், கம்பெனி 2ஆம் எதிர்தரப்பினர். மேல்முறையீடு செய்தது கம்பெனி என்பதால் இங்கே கம்பெனி மேல்முறையீட்டாளர், அம்மா 1ஆம் எதிர்மேல்முறையீட்டாளர், கடை 2ஆம் எதிர்மேல்முறையீட்டாளர். தீர்ப்பு இரண்டு வகைப் பெயர்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. ‘1ஆம் எதிர்தரப்பினர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்’ என்றால் கடை தப்பித்தது என்று அர்த்தம். சுருக்கத்தில் இந்தப் பட்டங்களே வேண்டாம். அம்மா, கடை, கம்பெனி என்று எழுதுங்கள்.

அடுத்து, ‘மேல்முறையீடு பகுதியளவு அனுமதிக்கப்படுகிறது’ என்ற வரி. இதைப் படித்ததும் தோற்றுவிட்டோம் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். முதல் வழக்கில் வந்த கீழ் உத்தரவில் கொஞ்சம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு மாறியது என்று தெரிய 3ஆம் பக்கத்தில் எடுத்துப் போட்டிருக்கும் கீழ் உத்தரவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் விலையைத் திருப்பித் தர வேண்டும், வாங்கிய நாளிலிருந்து 9 சதவீத வட்டி, நஷ்டஈடு, வழக்குச் செலவு, எல்லாவற்றுக்கும் கடையும் கம்பெனியும் சேர்ந்து பொறுப்பு. இப்போது வட்டி புகார் கொடுத்த நாளிலிருந்து, நஷ்டஈடு பாதி, கடை விடுதலை. அப்புறம் ‘மற்ற வகையில் கீழமை உத்தரவு உறுதி செய்யப்படுகிறது’ என்று ஒரு சின்ன வாக்கியம். விலைத் தொகையும் வழக்குச் செலவும் அதற்குள்தான் இருக்கின்றன. அம்மா ஜெயித்திருக்கிறார், கிடைக்கிற பணம் குறைந்திருக்கிறது.

இனி பிரச்சினைகள். 11ஆம் பத்தியில் நீதிமன்றமே மூன்று கேள்விகளைப் போட்டிருக்கிறது: நிபுணர் அறிக்கை இல்லாமல் தயாரிப்புக் குறையை ஏற்கலாமா, கடைக்குப் பொறுப்பு உண்டா, வட்டியும் நஷ்டஈடும் அதிகமா. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை, ஒரு வரிக் காரணம், பத்தி எண் போதும். பக்க எண் வேண்டாம், அது நகலுக்கு நகல் மாறலாம். கேள்விகள் இப்படித் தனியாக இல்லாத தீர்ப்பு என்றால், உத்தரவின் ஒவ்வொரு வரியும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று பின்னோக்கிப் பாருங்கள்.

சம்பவத்தைக் கடைசியாக எழுதச் சொல்கிறேன், தவறு அதிகம் நடக்கிற இடம் அதுதான். 4 முதல் 9 வரையுள்ள பத்திகளில் இருப்பது இரு தரப்பும் சொன்னது. ‘மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் பழுதானது’ என்று 7ஆம் பத்தியில் வருகிறதே, அது கம்பெனியின் வாதம். ஆதாரம் இல்லை என்று 15ஆம் பத்தியில் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 7ஆம் பத்தியிலேயே நிறுத்தியவர் அம்மா வீட்டுக் கரண்ட்மேல் பழியைப் போட்டு எழுதிவிடுவார். ‘வாதிடப்பட்டது’, ‘கூறப்பட்டது’ என்று முடிந்தால் அது ஒரு தரப்பின் பேச்சு. ‘நாங்கள் கருதுகிறோம்’, ‘நிரூபிக்கப்பட்டுள்ளது’ என்று முடிந்தால் நீதிமன்றத்தின் முடிவு. ஓரத்தில் இடம் விட்டு உள்ளே தள்ளி அச்சடித்திருக்கும் பத்திகள் பழைய தீர்ப்புகளின் மேற்கோள், அதில் வருகிற ஆள் உங்கள் அம்மா இல்லை. பதிலோடு சம்பந்தப்பட்ட சம்பவம் மட்டும் போதும்: உத்தரவாத காலத்துக்குள் மூன்று முறை பழுது, மூன்று சர்வீஸ் ரசீதிலும் அதே டிரம் பேரிங். நிபுணர் அறிக்கை இல்லாத குறையை ஈடுகட்டியது அந்த ரசீதுகள்தான்.

இந்த பிடிஎஃப் ஸ்கேன் செய்தது, Ctrl+F தேடல் வேலை செய்யாது. எழுத்தாக மாற்றும் செயலியில் போட்டால் தேதியையும் சதவீதத்தையும் மூலத்தோடு கண்ணால் ஒப்பிடுங்கள். எண்கள்தான் முதலில் தப்பாகும்.

அம்மாவின் தாளில் மேலே இப்படி வரட்டும்: “மெஷின் விலையையும், புகார் கொடுத்த நாளிலிருந்து 9 சதவீத வட்டியையும், பாதி நஷ்டஈட்டையும், வழக்குச் செலவையும் கம்பெனி மட்டும் தர வேண்டும். உத்தரவு நகல் கம்பெனிக்குக் கிடைத்த நாளிலிருந்து 45 நாள் அவகாசம். தவறினால் வட்டி 12 சதவீதம்.” தீர்ப்புத் தேதியிலிருந்து எண்ணிவிடாதீர்கள். கம்பெனி இன்னும் மேலே போக முடியுமா, அதுவரை பணம் நிற்குமா என்பது இந்த 26 பக்கத்தில் இல்லை. அதை உங்கள் வக்கீலிடம் இந்த வாரமே கேளுங்கள்.